இணைப் பிரதியை எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது?

ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பு. இணைப் பிரதி என்பது அவ்வளவுதான். மொழிபெயர்ப்பு பழகும் மாணவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு தினமும் என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வரிக்கு வரி சேர்த்துப் படி என்பார் ஒருவர். நீயே மொழிபெயர்த்துவிட்டு அச்சில் இருப்பதோடு ஒப்பிடு என்பார் இன்னொருவர். மொழிபெயர்ப்பிலிருந்து மூலத்துக்குத் திரும்பிப் போ என்பார் மூன்றாமவர். மூன்றையும் மாதக்கணக்கில் செய்து பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரப் பழகுகிறவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

சேர்த்துப் படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்வளம் கூடும், வாசிக்கவும் சுகமாக இருக்கும். ஆனால் விடை கண்ணெதிரே இருக்கும்போது எந்த வாக்கியமும் கடினமாகத் தெரியாது. “ஆமாம், நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன்” என்று மனம் சொல்லிக்கொண்டே போகும். எழுதியிருக்க மாட்டோம். அது தெரியவருவது பேனாவைக் கையில் எடுக்கும்போதுதான். பேருந்தில் போகும்போது செய்ய ஏற்ற வேலை இது. பயிற்சிக் கணக்கில் நான் இதைச் சேர்ப்பதில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான்.

முதலில் நேர்வழி. ஆங்கில மூலத்தை வைத்துக்கொண்டு, தமிழ்ப் பக்கத்தை மூடிவிட்டு, மொழிபெயர்ப்பது. முடித்ததும் திறந்து ஒப்பிடுவது. இதில் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம் 500க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. தமிழிலும் உண்டு. அதன் முதல் பிரிவு “ஆல் ஹியூமன் பீயிங்ஸ் ஆர் பார்ன் ஃப்ரீ அண்ட் ஈக்வல் இன் டிக்னிட்டி அண்ட் ரைட்ஸ்” என்று தொடங்கும். தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. நான் எழுதியது: “மனிதர்கள் அனைவரும் சுதந்திரமாகவும், கண்ணியத்திலும் உரிமைகளிலும் சமமாகவும் பிறக்கிறார்கள்.” அச்சில் இருந்தது: “மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர், அவர்கள் மதிப்பிலும், உரிமைகளிலும் சமமானவர்கள்.”

வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, அவர்கள் வாக்கியத்தை இரண்டாக வெட்டியிருப்பது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், அதற்கு முன்னால் அடுக்கிய எல்லாவற்றையும் வாசகர் சுமந்துகொண்டே வரவேண்டும். என் வாக்கியத்தில் ‘அனைவரும்’ போக நான்கு ‘உம்’ அடுக்கிவந்து கடைசியில் ‘பிறக்கிறார்கள்’ என்று இறங்குகிறது. அவர்கள் சுமையைப் பாதி வழியிலேயே இறக்கிவைத்துவிட்டார்கள். நல்ல உத்தி. ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சமமாக இருப்பதும் பிறப்போடு சேர்ந்தது. தமிழில் பிறப்பு சுதந்திரத்தோடு நின்றுவிடுகிறது, சமத்துவம் தனிக் கூற்றாக நிற்கிறது. ‘சுதந்திரமாகவே’ என்பதில் வரும் ஏகாரமும் மூலத்தில் இல்லாத அழுத்தம்.

அடுத்த வாக்கியத்தில்தான் நான் சறுக்கினேன். மனிதர்களுக்கு ‘ரீசன்’, ‘கான்ஷன்ஸ்’ இரண்டும் இருக்கின்றன என்கிறது மூலம். நான் ‘பகுத்தறிவும் மனச்சாட்சியும்’ என்று எழுதியிருந்தேன். அச்சில் ‘நியாயத்தையும் மனச்சாட்சியையும்’ என்று இருந்தது. உடனே சிவப்புப் பேனாவை எடுத்து என் சொல்லை அடித்துவிட்டு ‘நியாயம்’ என்று மேலே எழுதிவைத்தேன். ஐ.நா. தளத்தில் இருப்பது தப்பாக இருக்குமா என்ற பயம்தான் காரணம். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அங்கே பேசப்படுவது சிந்திக்கும் திறன். இன்றைய வாசகருக்கு ‘நியாயம்’ என்றால் நீதி, நேர்மை என்றுதான் படும். அந்த இடத்தில் பகுத்தறிவுதான் பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

நேர்வழியின் பெரிய ஆபத்து இந்தச் சிவப்புப் பேனாதான். எதிர்ப்பக்கத்தில் இருப்பது இன்னொருவர் எடுத்த முடிவு. அதை விடைத்தாள் என்று எடுத்துக்கொண்டால் அவருடைய பலவீனங்களையும் சேர்த்தே கற்றுக்கொள்வோம். நான் பிற்பாடு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு எளிமையானது: வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். “அவர் வெட்டியதால் மூச்சு விட முடிகிறது, ஆனால் ‘பிறக்கிறார்கள்’ சமத்துவத்தை விட்டுவிட்டது” என்பதுபோல. காரணம் எழுத முடியாத இடத்தில் என் வாக்கியத்தைத் தொடுவதில்லை. 250 சொல் பத்தியை மொழிபெயர்க்க முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால், ஒப்பீட்டுக்கும் அதே அளவு நேரம் போகும். போகட்டும், பயிற்சி நடப்பது அந்த இரண்டாவது பாதியில்தான்.

இனி திரும்பும் வழி. இது மிகப் பழையது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம், 1570இல் வெளிவந்த தம் நூலில் இதைத்தான் பரிந்துரைத்தார்: மாணவன் லத்தீனை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; பிறகு ஆசிரியர் அவனிடமிருந்து லத்தீன் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரமாவது விட்டு, அவனுடைய ஆங்கிலத்திலிருந்தே லத்தீனைத் திரும்ப எழுதச் சொல்ல வேண்டும். பிறகு அதை மூல லத்தீனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழுக்குப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதன் சிறு மாறுதல். தமிழில் எழுதப்பட்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட சிறுகதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழை இதற்கு முன் படித்திருக்கக் கூடாது. ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்த்துத் தமிழில் எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறங்கள். இப்போது உங்கள் எதிரே இருப்பது மொழிபெயர்ப்பாளரின் தமிழ் இல்லை. தமிழிலேயே நினைத்து எழுதிய ஒருவரின் தமிழ். நேர்வழியில் இது கிடைக்கவே கிடைக்காது.

கதையில் இப்படி ஒரு இடம் வருகிறது என்று வையுங்கள். ஆங்கிலத்தில், அவள் பதில் சொல்லவில்லை, உள்ளே போய்க் கதவை மூடினாள் என்ற பொருளில் இரண்டு குட்டி வாக்கியங்கள். மாணவர் எழுதுவார்: “அவள் பதிலளிக்கவில்லை. அவள் உள்ளே சென்று கதவை மூடினாள்.” பிழை ஏதாவது இருக்கிறதா? எதுவும் இல்லை. மூலத்தைத் திறந்தால்: “பதிலே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.” இரண்டு ‘அவள்’ காணாமல் போய்விட்டது, விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால். ‘பதிலே’ என்ற ஏகாரத்தில் காத்திருந்தவரின் ஏமாற்றம் இருக்கிறது. ‘சாத்திக்கொண்டாள்’ என்பதில் வரும் ‘கொள்’ அவள் தன்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டதைச் சொல்கிறது. இந்தக் ‘கொள்’ளை எழுதச் சொல்லி ஆங்கில வாக்கியத்தில் எந்தச் சொல்லும் தூண்டவில்லை. அதனால்தான் மாணவருக்கு அது வரவில்லை.

இது தனிமனிதக் குறை இல்லை. மூல மொழியில் நேர் இணை இல்லாத, இலக்கு மொழிக்கே உரிய கூறுகள் மொழிபெயர்ப்புகளில் குறைவாகவே தலைகாட்டும் என்ற கருதுகோளை, ஃபின்னிஷ் மொழியை வைத்துச் சோன்யா டிர்க்கோனன்-காண்டிட் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். நம் மொழியில் விடு, கொள், போடு, தொலை போன்ற துணைவினைகள், ஏகார ஓகாரங்கள், எழுவாயை விட்டுவிடுவது எல்லாம் அந்த வகை. நேர்வழியிலேயே ஒரு வருஷம் உழைத்தாலும் இவை வராமல் போகலாம், ஏனென்றால் எதிர்ப்பக்கத்து மொழிபெயர்ப்பாளரும் அதே பள்ளத்தில் விழுந்திருப்பார்.

திரும்பும் வழிக்கும் ஓட்டைகள் உண்டு. நீங்கள் ‘அத்தை’ என்று எழுதியிருப்பீர்கள், மூலத்தில் ‘சித்தி’ என்று இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், நீங்கள் என்ன செய்வீர்கள்? நீ, நீங்கள் என்பதும் அப்படித்தான். இப்படித் தகவலே கைக்கு வராத இடங்களை வட்டமிட்டுவிட்டுக் கணக்கிலிருந்து விட்டுவிட வேண்டும். இன்னொரு ஓட்டை பெரிது. தமிழிலிருந்து போன ஆங்கிலம் பெரும்பாலும் நமக்குப் புரிகிற ஆங்கிலமாகவே இருக்கும். ஆங்கிலத்திலேயே எழுதுகிறவர் ஐந்து வரிக்கு நீட்டிக்கொண்டே போகும் வாக்கியத்தை அவிழ்க்கும் பயிற்சி இதில் கிடைக்காது. அதற்கு நேர்வழிதான்.

அப்போது எதைத் தேர்வது? எதில் அடிவாங்குகிறோம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆங்கில மூலம் ஒன்றில் 250 சொல் எடுத்து மொழிபெயர்த்துப் பிழைகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள்: மூலம் சொல்லாததைச் சொன்ன இடங்கள் ஒரு பக்கம், சரியாகச் சொல்லியும் தமிழாக ஓடாத இடங்கள் மறுபக்கம். முதல் குவியல் பெரிதானால் நேர்வழி. இரண்டாவது பெரிதானால் திரும்பும் வழி. எனக்கு இரண்டாவது குவியல்தான் மலையாக நின்றது. அதனால் முதல் இரண்டு மாதம் நேர்வழியில் போனவன், அப்புறம் வாரத்தில் நான்கு நாள் திரும்பும் வழி, இரண்டு நாள் நேர்வழி என்று மாற்றிக்கொண்டேன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்: ஆங்கில மூலத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து ஆங்கிலத்துக்குத் திரும்புவது. அன்னிய மொழியில் எழுதுகிறவருக்கு இயல்பான நடை எதிரே இருப்பது இன்னும் அவசியம்.

எந்தப் பிரதி என்பதில் ஓரிரு எச்சரிக்கைகள் மட்டும். ஒரே பொருள் பற்றிய ஆங்கில, தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் பல நேரம் தனித்தனியே எழுதப்பட்டவை, அவற்றை இணைப் பிரதி என்று நம்பி உட்காராதீர்கள். வசனவரிகள் திரையில் படிக்கும் வேகத்துக்காகச் சுருக்கப்பட்டவை. ஜி.யு. போப் 1886இல் வெளியிட்ட குறள் மொழிபெயர்ப்பு எதுகைக்காக வளைந்த செய்யுள், ரசிக்கலாம், பயிற்சிக்கு ஆகாது. எது மூலம், எது மொழிபெயர்ப்பு என்று உறுதியாகத் தெரியாத பிரதியையும் ஒதுக்கிவிடுங்கள். மேலே சொன்ன எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சார்ந்திருக்கிறது.

சரி, ஆறு மாதம் செய்தாயிற்று. முன்னேறியிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்?

அச்சுப் பிரதிக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறோம் என்று பார்ப்பது முதலில் தோன்றும் யோசனை. அதற்கு எண்ணே தரும் முறைகளும் உண்டு. எந்திர மொழிபெயர்ப்பை அளக்க ஐபிஎம் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட BLEU அப்படிப்பட்டது. இரண்டு பிரதிகளிலும் எத்தனை சொற்களும் சொல்தொடர்களும் ஒத்துப்போகின்றன என்று எண்ணும். மாணவருக்கு இது உதவாது. தமிழுக்கு இன்னும் மோசம். ‘பிறக்கின்றனர்’ என்பதற்கு ‘பிறக்கிறார்கள்’ என்று எழுதினால் அது வேறு சொல். ‘சகலரும்’ இருந்த இடத்தில் ‘அனைவரும்’ போட்டால் அதுவும் பொருந்தவில்லை என்றே கணக்காகும். விகுதிமேல் விகுதி ஒட்டும் மொழியில் நல்ல மொழிபெயர்ப்பு இரண்டு, சொல்லளவில் பாதிகூட ஒத்துப்போகாமல் இருக்கலாம். ‘பகுத்தறிவு’ அங்கே மதிப்பெண் இழக்கும், ‘நியாயம்’ வாங்கும்.

பிழைப் புள்ளி போடுவது இதைவிட நல்லது. அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வில் 225 முதல் 275 சொல் வரையுள்ள பத்தி கொடுப்பார்கள். பிழையின் கனத்தைப் பொறுத்து 1, 2, 4, 8, 16 என்று புள்ளி ஏறும். மொத்தம் 18ஐத் தொட்டால் தோல்வி. தனியாகப் பழகுகிறவருக்கு அத்தனை படி தேவையில்லை. பொருள் மாறிய பிழைக்கு 4, மற்றவற்றுக்கு 1 என்று வைத்துக்கொண்டேன்.

இதில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. அதில் விழுந்து எழுந்த கதையைச் சொல்கிறேன்.

பயிற்சி தொடங்கிய வாரமே, ஆங்கில மூலம் ஒன்றிலிருந்து 250 சொல் பத்தி இரண்டை எடுத்து வைத்தேன். அவற்றின் தமிழ்ப் பக்கங்களை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். முதல் பத்தியை அன்றே மொழிபெயர்த்துப் புள்ளி போட்டேன்: பொருள் பிழை இரண்டு, மற்றவை ஆறு, மொத்தம் 14. ஆறு மாதம் கழித்து, பழையதை எடுத்துப் பார்க்காமல், அதே பத்தியை மறுபடியும் மொழிபெயர்த்தேன். புள்ளி போட்டால் 19! பொருள் பிழை இரண்டு, மற்றவை பதினொன்று. ஆறு மாதம் தினமும் உட்கார்ந்தும் ஐந்து புள்ளி மோசமாகிவிட்டேனா என்று இரண்டு நாள் எதையும் தொடவில்லை.

பிறகுதான் பழைய பிரதியை அன்றைய மதிப்பெண்ணோடு விட்டுவிடாமல் இன்று மறுபடி திருத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. தேதியை எடுத்துவிட்டு இரண்டையும் கலந்து தரச்சொல்லி நண்பனிடம் கேட்டேன். சொந்த எழுத்தை அடையாளம் காணாமல் இருக்க முடியாதுதான், இருந்தாலும் ஓரளவு உதவியது. பழைய பிரதிக்கு இம்முறை 31 வந்தது. பொருள் பிழை நான்கு, மற்றவை பதினைந்து. முதல் வாரம் என் கண்ணுக்கே தெரியாத இரண்டு பொருள் பிழைகளும் ஒன்பது சின்னப் பிழைகளும் அதில் உட்கார்ந்திருந்தன. ஒப்பிட வேண்டியது 14ஐயும் 19ஐயும் இல்லை, 31ஐயும் 19ஐயும்.

ஆறு மாதத்தில் எழுத்து வளர்வதைவிட வேகமாகப் பிழை காணும் கண் வளர்கிறது. அதனால் மாதாமாதம் குறித்துவைத்த புள்ளிகளை வரிசையாகப் போட்டுக் கோடு வரைந்தால், நன்றாக உழைத்தவருக்குத்தான் கோடு மேலே ஏறும். பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே கண்ணோடு திருத்தினால் மட்டுமே அந்த எண்களுக்கு அர்த்தம் உண்டு. உறையை எதற்கு ஒட்டினேன் என்பதும் இதில் சேரும்: அச்சுப் பிரதியைப் பார்த்துவிட்டால் அடுத்த தடவை மொழிபெயர்ப்பது கை இல்லை, ஞாபகம். இரண்டாவது பத்தி அதைச் சோதிக்கத்தான். ஆறாம் மாதம் முதல்முறையாக மொழிபெயர்த்த அதற்கு 21 வந்தது. 19க்குப் பக்கத்திலேயே இருந்ததால், முதல் பத்தி நினைவில் இருந்து தேறவில்லை என்று நம்பினேன்.

நாமே திருத்தும்போது நமக்கு இன்னும் புரியாத பிழை புரியாமலேதான் இருக்கும். அதற்கு இரண்டு மருந்து. திருத்தி முடித்த பிறகு உறையைப் பிரித்து, அச்சுப் பிரதி பொருளில் வேறுபடும் இடங்களை மட்டும் அகராதியோடு உட்கார்ந்து பார்ப்பது ஒன்று. மற்றொன்று, ஆங்கிலப் பக்கத்தைக் காட்டாமல் தமிழை மட்டும் யாரிடமாவது கொடுத்து, தடுக்கிய இடத்தில் கோடு போடச் சொல்வது. அக்காவிடம் கொடுத்தேன். அவள் ஏழு இடத்தில் கோடு போட்டுவிட்டு, “எத்தனை ‘ஒரு’டா இதுல?” என்றாள். எண்ணினேன். பதினொன்று. அதே நீளத்துத் தமிழ்ச் சிறுகதைப் பக்கத்தில் நான்குதான் இருந்தது. ஆங்கிலத்தின் ‘a’ ஒவ்வொன்றையும் நான் விடாமல் ‘ஒரு’ ஆக்கியிருக்கிறேன். அதிலிருந்து ‘ஒரு’வையும், ஆங்கிலச் செயப்பாட்டுவினையை அப்படியே பெயர்க்கும்போது வரும் ‘-ப்பட்ட’வையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. மிக மேலோட்டமான அளவுதான், ஆனால் கண்ணின் கறார் மாறினாலும் இந்த எண்ணிக்கை மாறாது.

உறையைப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. ஆறாம் மாதப் பிரதியில் மிஞ்சிய பொருள் பிழை இரண்டும் ஒரே வகை. மூலத்தில் “எல்லா மாணவர்களும் தேறினார்கள் என்று சொல்ல முடியாது” என்ற கருத்து. நான் “எல்லா மாணவர்களும் தேறவில்லை” என்று எழுதியிருந்தேன். தமிழில் அது ஒருவர்கூடத் தேறவில்லை என்றும் படும். “மாணவர்களில் சிலர் தேறவில்லை” என்றிருந்தால் பிரச்சினையே இல்லை. முதல் வாரப் பிரதியிலும் அதே இரண்டு இடம், அதே பிழை. அன்று போட்ட 14இல் இவை இல்லவே இல்லை. எதிர்மறையும் ‘எல்லா’வும் சேர்ந்து வரும் வாக்கியங்கள் கதைகளில் அபூர்வம், விதிமுறைகளிலும் அறிவிப்புகளிலும் நிறைய. அடுத்த மூன்று மாதத்துக்கு நேர்வழி நாட்கள் இரண்டையும் அந்த மாதிரிப் பிரதிகளுக்கே ஒதுக்கி, புதிதாக இரண்டு உறை ஒட்டி வைத்திருக்கிறேன்.